குறுகும் கால்வாய், உயரும் நீர்மட்டம்

மெதுவாக ஓடும் ஒரு கால்வாயின் கரைகளை ஓரிடத்தில் உள்ளே தள்ளி அகலத்தைக் குறைத்தால், அந்த இடத்தில் நீர்மட்டம் உயரும் என்றுதான் பலரும் எதிர்பார்ப்பார்கள். இடம் குறைந்தால் தண்ணீர் மேலே ஏறித்தானே ஆக வேண்டும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறானது. இடுக்குக்குள் நுழையும்போது நீர்மட்டம் தணிகிறது, வேகம் கூடுகிறது. இடுக்கைத் தாண்டி அகலம் பழைய அளவுக்கு வந்ததும் மட்டமும் ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. தண்ணீர் வரும் பக்கமான மேற்பக்கத்தில் எந்த மாறுதலும் தெரிவதில்லை.

ஆனால் இது ஓர் எல்லை வரைக்கும்தான். கரைகளை இன்னும் இன்னும் நெருக்கிக்கொண்டே போனால் ஒரு குறிப்பிட்ட அகலத்துக்குக் கீழே இடுக்கால் முழு நீரையும் விட முடியாமல் போகிறது. நீரியல் பொறியாளர்கள் இதைச் ‘சோக்கிங்’ என்பார்கள். இங்கே திணறல் என்று சொல்லலாம். திணறல் தொடங்கிய பிறகு மேற்பக்கத்து நீர்மட்டம் உயராமல் வேறு வழியே இல்லை. அந்த எல்லை எங்கே இருக்கிறது, அது ஏன் அங்கே இருக்கிறது என்பதைச் சில எண்களைக் கொண்டே பார்த்துவிடலாம்.

முதலில், ‘மெதுவான ஓட்டம்’ என்பதற்கு நீரியலில் திட்டமான பொருள் உண்டு. ஆழம் குறைந்த நீரில் ஒரு சிற்றலை நகரும் வேகம் ஆழத்தைப் பொறுத்தது: புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அது கிடைக்கும். 2 மீட்டர் ஆழத்தில் அலையின் வேகம் வினாடிக்குச் சுமார் 4.4 மீட்டர். நீரோட்டத்தின் வேகம் இதைவிடக் குறைவாக இருந்தால் அலை ஓட்டத்தை எதிர்த்து மேற்பக்கமாகவும் ஏறிச் செல்லும். கீழே ஏதாவது நடந்தால் அந்தச் ‘செய்தி’ மேலே போய்ச் சேரும். இதுவே மெதுவான ஓட்டம். ஓட்டம் அலையைவிட வேகமானால் எந்தச் செய்தியும் மேலே போகாது, அது விரைவோட்டம். நீரின் வேகத்தை அலையின் வேகத்தால் வகுத்தால் வருவது ஃப்ரூடு எண். அது ஒன்றுக்குக் கீழே இருந்தால் மெதுவான ஓட்டம், ஒன்றுக்கு மேலே போனால் விரைவோட்டம், சரியாக ஒன்றாக இருக்கும் எல்லை நிலைதான் மாறுநிலை. சமவெளிக் கால்வாய்களும் ஆறுகளும் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை.

இனி ஒரு கால்வாயை எடுத்துக்கொள்ளலாம். அடிமட்டம் சமமான, பக்கச் சுவர்கள் செங்குத்தான, 6 மீட்டர் அகலக் கான்கிரீட் கால்வாய். அதில் வினாடிக்கு 18 கன மீட்டர் தண்ணீர் ஓடுகிறது. செய்தித்தாள் கணக்கில் சுமார் 635 கன அடி. ஆழம் 2 மீட்டர். அப்படியானால் நீரின் வேகம் வினாடிக்கு 1.5 மீட்டர், ஃப்ரூடு எண் 0.34. ஐயத்துக்கு இடமில்லாத மெதுவான ஓட்டம்.

இந்த நீரிடம் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது? கால்வாயின் அடிமட்டத்திலிருந்து அளந்தால் ஆற்றல் இரண்டு பங்குகளாக இருக்கிறது. ஒன்று ஆழம், மற்றொன்று வேகத்தை உயரமாக மாற்றிச் சொல்லும் அளவு. இரண்டையும் மீட்டரிலேயே கூட்டலாம்:

E = y + V²/2g

இதில் y என்பது ஆழம், V வேகம், g புவியீர்ப்பு முடுக்கம். இந்தக் கூட்டுத்தொகை E-யைத் தன்னாற்றல் எனலாம். ஆற்றலை அடிமட்டத்திலிருந்து அளக்கும் இந்தச் சிறிய தந்திரத்தை நீரியலுக்குக் கொடுத்தவர் ரஷ்யப் பொறியாளர் போரிஸ் பாக்மெத்தெவ். 1917இல் ரஷ்யத் தற்காலிக அரசின் தூதராக வாஷிங்டன் சென்ற அவர் அமெரிக்காவிலேயே தங்கிப் பேராசிரியரானார். 1932இல் திறந்த கால்வாய்களின் நீரியல் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இந்தக் கருத்தைப் பரவலாக்கியது. நம் கால்வாயில் ஆழம் 2 மீட்டர், வேகத்தின் பங்கு 0.115 மீட்டர்; ஆக E = 2.115 மீட்டர். வளைவுகளை இழைத்து மெல்ல மெல்லக் குறுக்கினால் ஆற்றல் இழப்பு மிகச் சிறிது. அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். அப்போது இடுக்கிலும் தன்னாற்றல் இதே 2.115 மீட்டர்தான்.

அகலத்தை 4.5 மீட்டராகக் குறைப்போம். அதே 18 கன மீட்டரும் போக வேண்டும் என்றால், ஒரு மீட்டர் அகலத்துக்கு 3 கன மீட்டராக இருந்த ஓட்டம் 4 கன மீட்டராகிறது. அதற்கு வேகம் கூட வேண்டும்; வேகத்துக்கான பங்கு கூடினால், மொத்தம் மாறாததால், ஆழத்தின் பங்கு குறைய வேண்டும். கணக்குப் போட்டால் இடுக்கில் ஆழம் 1.885 மீட்டர், வேகம் 2.12 மீட்டர். நீர்மட்டம் 11.5 சென்டிமீட்டர் தணிகிறது. அகலத்தை 4 மீட்டராக்கினால் ஆழம் 1.79 மீட்டராகிறது, தணிவு 21 சென்டிமீட்டர். இரண்டு நேர்விலும் மேற்பக்கத்தில் ஆழம் அதே 2 மீட்டர். முதல் பத்தியில் சொன்ன வியப்புக்கு விளக்கம் இவ்வளவுதான்: தண்ணீர் தன் ஆழத்தின் ஒரு பகுதியைக் கொடுத்து வேகத்தைப் பெற்றுக்கொள்கிறது.

இந்தப் பரிமாற்றம் முடிவில்லாமல் தொடர முடியாது. ஏன் முடியாது என்பதைப் பார்க்க, தன்னாற்றலை 2.115 மீட்டரிலேயே வைத்துக்கொண்டு, இடுக்கின் ஒவ்வொரு மீட்டர் அகலத்தின் வழியாகவும் எவ்வளவு தண்ணீர் போகும் என்று ஆழம் ஆழமாகக் கணக்கிட வேண்டும். ஆழம் 2 மீட்டராக இருந்தால் 3 கன மீட்டர். 1.8 மீட்டரில் 4.47. 1.6 மீட்டரில் 5.08. 1.4 மீட்டரில் 5.24. இதுவரை ஆழத்தை விட்டுக்கொடுக்க விட்டுக்கொடுக்க ஓட்டம் கூடிக்கொண்டே வருகிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் கூடும் அளவு சுருங்குவதைக் கவனிக்க வேண்டும். இன்னும் இறங்கி 1.2 மீட்டருக்கு வந்தால் ஓட்டம் மீண்டும் 5.08, 1 மீட்டரில் 4.68, 0.8 மீட்டரில் 4.06. வேகம் கூடிக்கொண்டேதான் போகிறது, ஆனால் ஓடுவதற்கான ஆழம் அதைவிட விரைவாகச் சுருங்கிவிடுகிறது. ஓட்டம் என்பது ஆழமும் வேகமும் சேர்ந்த பெருக்கல். அந்தப் பெருக்கல் நடுவில் ஓரிடத்தில் உச்சத்தைத் தொட்டுத் திரும்பிவிடுகிறது.

அந்த உச்சம் தன்னாற்றலின் சரியாக மூன்றில் இரண்டு பங்கு ஆழத்தில் வருகிறது. செவ்வக வடிவக் கால்வாய் எதற்கும் இது பொருந்தும். நம் கணக்கில் அது 1.41 மீட்டர். அதுவே மாறுநிலை ஆழம். அங்கே ஃப்ரூடு எண் சரியாக ஒன்று. அந்த ஆழத்தில் மீட்டருக்கு 5.24 கன மீட்டர் போகும். 2.115 மீட்டர் ஆற்றலோடு வரும் நீரால், இடுக்கு எப்படிப்பட்டதாக இருந்தாலும், ஒரு மீட்டர் அகலத்தில் இதற்கு மேல் ஒரு துளியும் கடத்த முடியாது. 18ஐ 5.24ஆல் வகுத்தால் 3.43 மீட்டர் வருகிறது. இதுதான் தேடிய எல்லை. 6 மீட்டர்க் கால்வாயை 3.43 மீட்டர் வரை, அதாவது பாதிக்குச் சற்றே மேலான அளவு வரை நெருக்கினாலும் மேற்பக்கத்துக்கு எதுவும் தெரியாது. அதற்குக் கீழே ஒரு சாண் குறைத்தாலும் தெரியும்.

இப்போது அகலத்தை 3 மீட்டராக்கிப் பார்க்கலாம். இருக்கும் ஆற்றலுக்கு இந்த இடுக்கு விடக்கூடியது 15.7 கன மீட்டர்தான். மேலிருந்து வருவதோ 18. வினாடிக்கு 2.3 கன மீட்டர் போக வழியில்லாமல் இடுக்கின் முன்னால் தேங்கத் தொடங்குகிறது. தேங்கும் நீர் ஒரு மெல்லிய எழுச்சியாக, ஓட்டத்தை எதிர்த்து மேற்பக்கம் நோக்கி நகர்கிறது. ஓட்டம் மெதுவானது என்பதால்தான் அது மேலேற முடிகிறது: அலை வேகம் 4.4, எதிரே வரும் நீரின் வேகம் 1.5, ஆக வினாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வேகத்தில் எழுச்சி கரையோரமாக மேலே போகும்.

தேங்கத் தேங்க மேற்பக்கத்தில் ஆழம் கூடுகிறது. ஆழத்தோடு தன்னாற்றலும் கூடுகிறது. ஆற்றல் கூடக் கூட இடுக்கு விடும் நீரின் அளவும் கூடுகிறது. வருவதும் போவதும் சமமாகும் மட்டத்தில் ஏற்றம் நின்றுவிடும். அந்த மட்டத்தைக் கண்டுபிடிக்க இடுக்கிலிருந்து தொடங்க வேண்டும். 18 கன மீட்டரும் 3 மீட்டர் அகலத்தில் போக வேண்டும் என்றால் மீட்டருக்கு 6 கன மீட்டர். மாறுநிலை ஆழத்துக்கான சூத்திரம் இது:

yc = (q²/g)^(1/3)

q என்பது ஒரு மீட்டர் அகலத்துக்கான ஓட்டம். 6ஐப் போட்டால் yc = 1.54 மீட்டர். அதற்குத் தேவையான தன்னாற்றல் இதன் ஒன்றரை மடங்கு, 2.31 மீட்டர். மேற்பக்கத்தில் 2.31 மீட்டர் தன்னாற்றலோடு 18 கன மீட்டர் ஓட வேண்டுமானால் ஆழம் 2.22 மீட்டராக இருக்க வேண்டும். முன்பு 2 மீட்டராக இருந்தது. ஆக மேற்பக்கம் 22 சென்டிமீட்டர் உயர்ந்தே தீரும். அகலம் 2.5 மீட்டரானால் உயர்வு 54 சென்டிமீட்டர். 2 மீட்டரானால் 98 சென்டிமீட்டர். எல்லை வரை ஒன்றுமே நடக்காமல் இருந்து, எல்லையைத் தாண்டியதும் ஒவ்வொரு அரை மீட்டருக்கும் கூடிக்கொண்டே போகும் விலை இது.

கணக்கைத் தொடங்கும் திசை இங்கே மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். மாணவர்கள் பலர் தடுமாறும் இடமும் இதுதான். திணறல் இல்லாதபோது மேற்பக்கத்து ஆழம் தெரிந்தது, இடுக்கின் ஆழம் தெரியாதது. திணறல் வந்தபின் இடுக்கின் ஆழம்தான் முதலில் தெரிகிறது, ஏனெனில் அங்கே மாறுநிலை நிலவியே ஆக வேண்டும். மேற்பக்கத்து ஆழத்தை அதிலிருந்து பெற வேண்டும். பழைய 2 மீட்டரையே பிடித்துக்கொண்டு 3 மீட்டர் இடுக்குக்கு ஆழம் தேடினால் சமன்பாட்டுக்கு விடையே கிடைக்காது. விடை கிடைக்காமல் போவது கணக்கில் செய்த பிழையல்ல. அந்த நிலைமை உலகத்தில் இருக்க முடியாது என்று சமன்பாடு சொல்கிறது. இடுக்கின் ஆழமும் இதற்குப் பிறகு தணிவதில்லை என்பது இன்னொரு விஷயம்: 3.43 மீட்டர் அகலத்தில் 1.41 ஆக இருந்தது, 3 மீட்டரில் 1.54, 2.5 மீட்டரில் 1.74 என்று ஏறத் தொடங்குகிறது.

உயர்ந்த நீர் எவ்வளவு தூரம் பின்னால் பரவும் என்பது கால்வாயின் சரிவைப் பொறுத்தது. நம் கான்கிரீட் கால்வாயில் 2 மீட்டர் ஆழத்தில் 1.5 மீட்டர் வேகம் வர, 2500 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவு தேவை. 22 சென்டிமீட்டர் உயர்வைச் சமமட்டமாகப் பின்னால் நீட்டினாலே அரைக் கிலோமீட்டருக்கு மேல் போகும். உண்மையில் நீர்ப்பரப்பு மெல்ல வளைந்து பழைய மட்டத்தை அடைவதால் அதன் வால் அதையும் தாண்டி நீளும். பாலத்தின் அருகே மட்டும் நின்று பார்ப்பவருக்கு இந்த ஏற்றம் அற்பமாகத் தோன்றலாம். தாழ்ந்த கரையுள்ள வயல் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அங்கேதான் தண்ணீர் ஏறும்.

போகும் பக்கத்தில், அதாவது கீழ்ப்பக்கத்தில், வேறொரு காட்சி. கால்வாயின் கீழ்ப்பகுதி திணறலைப் பற்றி அறியாது. அங்கே ஆழம் வழக்கமான 2 மீட்டர், தன்னாற்றல் 2.115. இடுக்குக்கு மேலேயோ 2.31. இந்த 20 சென்டிமீட்டர் மிச்ச ஆற்றல் எங்காவது தொலைய வேண்டும். இடுக்கில் மாறுநிலையைத் தொட்ட நீர், அகலம் விரியத் தொடங்கியதும் விரைவோட்டமாக மாறி, ஆழம் குறைந்து பாய்கிறது. சற்றுத் தூரத்தில் கீழ்ப்பக்கத்து ஆழமான நீரில் மோதி, நுரையும் சுழலுமாகத் திடீரென்று மேலே எழும்புகிறது. இதை நீர்த்தாவல் என்பார்கள். நம் எடுத்துக்காட்டில் அந்த நுரையில் கரையும் ஆற்றல் சுமார் 35 கிலோவாட். அது தொடர்ந்து ஒரே இடத்தில் அடிமண்ணின் மீது செலவாவதால், இடுக்கை அடுத்துக் கான்கிரீட் தளமோ கல் பாவலோ இல்லாவிட்டால் அங்கே குழி விழும்.

எவ்வளவு குறுக்கினால் திணறல் வரும் என்பதற்கு ஒவ்வொரு முறையும் இவ்வளவு கணக்கும் வேண்டியதில்லை. எல்லை அகலத்துக்கும் கால்வாய் அகலத்துக்கும் உள்ள விகிதம், மேற்பக்கத்து ஃப்ரூடு எண் ஒன்றை மட்டுமே சார்ந்தது:

b₂/b₁ = F·[3/(2+F²)]^(3/2)

F 0.2 ஆக இருக்கும் ஆழ்ந்த, சோம்பலான ஓட்டத்தில் இது 0.36. அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஏறக்குறைய எடுத்துவிட்டாலும் திணறாது. 0.34க்கு 0.57. 0.5க்கு 0.77. 0.7க்கு 0.93, அதாவது ஏழு சதவீதம் குறுக்கினாலே எல்லை வந்துவிடும். மெதுவான ஓட்டம் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் மாறுநிலையை நெருங்கிய ஓட்டம் எவ்வளவு எளிதில் புண்படும் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. மலையடிவாரத்து ஆற்றில் ஒரு தூண் செய்யும் தொல்லையைக் கழிமுகத்து ஆற்றில் பத்துத் தூண்கள் செய்யாமல் போகலாம்.

வெள்ளம் வந்தால் இடுக்கு தானாகவே திணறும் என்று நினைப்பதும் சரியல்ல. மேலே பார்த்த கால்வாயில் ஆழம் 3 மீட்டராக உயர்ந்து ஓட்டம் 31 கன மீட்டரைத் தாண்டினாலும் ஃப்ரூடு எண் 0.32தான், வேகத்தோடு ஆழமும் கூடுவதால் எல்லை விகிதம் பெரிதாக மாறுவதில்லை. ஆற்றில் வெள்ளக் காலத்தில் திணறல் வருவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. நீர் கரை தாண்டி இருபுறமும் பரந்து ஓடுகிறது. ஆனால் சாலையின் மண்மேடு அந்தப் பரப்பு முழுவதையும் மறித்து, எல்லா நீரையும் பாலத்தின் பழைய திறப்புக்குள் திருப்புகிறது. அகலத்தின் விகிதம் ஒரே நாளில் சரிந்துவிடுகிறது. அதோடு அடித்துவரப்படும் மரங்களும் குப்பையும் தூண்களில் சிக்கித் திறப்பை மேலும் அடைக்கின்றன.

பாலத்துக்கு முன்னால் நீர்மட்டம் உயர்ந்திருப்பதைக் கண்டவுடன் அதைத் திணறல் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. கூர்மையான மூலைகளில் நீர் பிரிந்து சுழலும்போது ஏற்படும் ஆற்றல் இழப்பாலும் மேற்பக்கம் சில சென்டிமீட்டர் உயரும். பாலப் பொறியாளர்கள் ‘அப்ளக்ஸ்’ என்று கணக்கிடும் ஏற்றத்தில் பெரும்பாலும் இந்த இழப்புதான் இருக்கிறது. டேவிட் யார்னெல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1934இல் வெளியிட்ட பாலத்தூண் ஆய்வுகளில் தூணின் மூக்கு வடிவம் மாறும்போது இந்த ஏற்றம் எவ்வாறு மாறுகிறது என்று அளந்து காட்டினார். இன்றைய கணினி நிரல்களிலும் அவருடைய சூத்திரம் இருக்கிறது. திணறாத ஓட்டத்துக்கு மட்டுமே அது பொருந்தும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. கீழ்ப்பக்கத்து மதகைச் சற்றுத் திறந்து அங்கே நீர்மட்டத்தைச் சிறிது இறக்கிப் பார்க்க வேண்டும். மேற்பக்கத்து அளவுகோலும் சேர்ந்து இறங்கினால் திணறல் இல்லை. கீழ்ப்பக்கம்தான் மட்டத்தை ஆள்கிறது. மேற்பக்கம் அசையாமல் நின்றால் இடுக்கில் மாறுநிலை நிலவுகிறது, இடுக்கே ஆள்கிறது. மாறுநிலையில் அலை வேகமும் நீரின் வேகமும் சமம் என்பதால் கீழே நடக்கும் எந்த மாற்றமும் இடுக்கைத் தாண்டி மேலே போக முடிவதில்லை. கண்ணுக்கும் அடையாளம் தெரியும்: இடுக்கில் கண்ணாடி போல் வழவழப்பாக வளைந்து இறங்கும் நீர்நாக்கும், அதை அடுத்து இடம் பெயராமல் நிற்கும் நுரைத் திரளும்.

மேற்பக்கம் கீழ்ப்பக்கத்தை மறந்துவிடும் இந்தத் தன்மையைப் பொறியாளர்கள் வேண்டுமென்றே உண்டாக்கிப் பயன்படுத்துகிறார்கள். கால்வாயை ஓரிடத்தில் திணறும் அளவுக்குக் குறுக்கிவிட்டால், மேற்பக்கத்து ஆழம் ஒன்றை மட்டும் அளந்து ஓட்டத்தைச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரே ஓட்டம்தான் இருக்க முடியும். அமெரிக்காவின் கொலராடோவில் பாசன நீரைப் பங்கிடும் தகராறுகளுக்கு நடுவே ரால்ப் பார்ஷல் 1920களில் உருவாக்கிய ‘பார்ஷல் ஃப்ளூம்’ அப்படிப்பட்ட அளவி. இந்தியக் கால்வாய்களில் ‘ஸ்டேண்டிங் வேவ் ஃப்ளூம்’ என்று வழங்குவதும் இதே கொள்கையில் இயங்குகிறது. நீர்த்தாவல் நிலையாக நிற்பதே அதன் பெயருக்குக் காரணம். இந்த அளவிகளுக்கு வரும் நோய் ஒன்றே: கீழ்ப்பக்கத்தில் களை மண்டியோ வண்டல் படிந்தோ மட்டம் ஏறி, நீர்த்தாவல் மூழ்கிப்போவது. ஓர் அடி முதல் எட்டு அடி வரை இடுக்குள்ள பார்ஷல் ஃப்ளூமில் கீழ்ப்பக்கத்து மட்டம் மேற்பக்கத்து மட்டத்தில் 70 சதவீதத்தைத் தாண்டினால் ஒற்றை அளவுகோலின் கணக்கு பொய்த்துவிடும். நுரை மறைந்து பரப்பு அமைதியாகிவிட்டதே அதற்கு முதல் எச்சரிக்கை. அப்போது அளவுகோல் உண்மையில் ஓடுவதைவிட அதிக நீரைக் காட்டும்.

மேலே போட்ட கணக்குகளிலும் சில சலுகைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. இழப்பே இல்லை என்று கொண்டோம். உண்மையில் நீர் இடுக்கின் மூலையிலிருந்து விலகி ஓடுவதால் பயன்படும் அகலம் கட்டிய அகலத்தைவிடக் குறைவு. எனவே 3.43 மீட்டர் என்பது காகித எல்லை. களத்தில் திணறல் அதற்குச் சற்று முன்பே வந்துவிடும். வேகம் குறுக்குவெட்டு முழுவதும் ஒன்றே என்று கொண்டதும் அப்படித்தான். வடிவமைப்பவர்கள் எல்லையை ஒட்டி ஒருபோதும் நிற்பதில்லை. மாறுநிலைக்கு அருகே ஆழம் சிறிது மாறினாலும் ஆற்றல் ஏறக்குறைய மாறாது என்பதால், அங்கே நீர்ப்பரப்பு ஓரிடத்தில் நிற்காமல் அலையலையாகத் தளும்பும்.

பெரிய ஆறு ஒன்று நூற்றாண்டுக் கணக்கில் இப்படி நெருக்கப்பட்டு நின்றதற்கு லண்டனின் பழைய பாலம் சான்று. தேம்ஸ் ஆற்றின் குறுக்கே 1209இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கல்பாலம் ஏறத்தாழ இருபது குறுகிய வளைவுகளின் மேல் நின்றது. தூண்களைக் காக்க ஒவ்வொன்றையும் சுற்றி மரக்குத்துகளை அடித்து, உள்ளே கல்லை நிரப்பிப் படகு வடிவத் திண்டுகள் கட்டியிருந்தார்கள். காலப்போக்கில் பழுதுபார்க்கும்போதெல்லாம் திண்டுகள் பருத்தன. சில வளைவுகளில் நீர்ச்சக்கரங்கள் பொருத்தப்பட்டன. நீர் போக மிஞ்சிய வழி ஆற்றின் அகலத்தில் சிறு பங்குதான். கடல் வற்றும் வேளையில் கீழ்ப்பக்கத்து மட்டம் இறங்க, மேற்பக்கத்து நீர் இறங்க வழியில்லாமல் தேங்கி நின்றது. பாலத்தின் இரு பக்கங்களுக்கும் இடையே ஆறடி வரை, சுமார் 1.8 மீட்டர், மட்ட வேறுபாடு இருந்தது. வளைவுகளின் வழியே படகில் இறங்குவது உயிரைப் பணயம் வைக்கும் காரியம். பலர் பாலத்துக்கு முன்பே கரையேறி, நடந்து மறுபக்கம் போய்ப் படகைப் பிடித்தார்கள். மேற்பக்கத்தில் ஆறு மந்தமாகத் தேங்கியதால் கடுங்குளிர் ஆண்டுகளில் அங்கே அது உறைந்து, பனியின் மேல் சந்தைகள் நடந்தன. அந்த வளைவுகள் இழைத்த சுவர்களால் ஆனவை அல்ல. உரசலும் சுழலும் அங்கே மிகுதி. ஆகவே அந்த ஆறடியில் திணறலின் பங்கோடு இழப்பின் பங்கும் கலந்தே இருந்தது.

1759இல் படகுகளுக்கு வழி விட நடுத்தூண் ஒன்றை அகற்றி இரண்டு வளைவுகளை ஒன்றாக்கினார்கள். இடுக்கைப் பெரிதாக்குவது நல்லது என்றே தோன்றியது. ஆனால் ஆற்றின் கணிசமான ஓட்டம் அந்த ஒரே திறப்பை நோக்கித் திரும்பி, அங்கே அடிமண்ணை அரித்தது. பக்கத்துத் தூண்கள் ஆட்டங்கண்டன. அழைக்கப்பட்ட பொறியாளர் ஜான் ஸ்மீட்டன், இடிக்கப்பட்டு விற்கப்பட்டிருந்த நகர வாயில்களின் கற்களைத் திரும்ப வாங்கி உடனே ஆற்றில் கொட்டச் சொன்னார். பாலம் பிழைத்தது. 1831இல் சில பத்து மீட்டர் தள்ளி, அகலமான ஐந்து வளைவுகள் மட்டுமே கொண்ட புதிய பாலம் திறக்கப்பட்டு, பழையது இடிக்கப்பட்டது. திண்டுகள் அகன்றதும் மேற்பக்கத்தில் தேங்கிய நீர் இல்லாமல் போனது. கடல் வற்றும்போது அங்கேயும் மட்டம் முன்பைவிடத் தாழ்ந்தது, நீரோட்டம் விரைந்தது. தேங்கிய நீரை நம்பி மேற்பக்கத்தில் கட்டப்பட்டிருந்த வெஸ்ட்மின்ஸ்டர், பிளாக்ஃப்ரையர்ஸ் பாலங்களின் அடித்தளங்களை அந்த ஓட்டம் அரிக்கத் தொடங்கியது. நாற்பது ஆண்டுகளுக்குள் இரண்டையும் இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று.